கல் மெத்தை

அறைவாசலிலேயே அவள் நின்றுவிட்டாள். மருத்துவமனையிலிருந்து வீடு வரைக்கும் தையல் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு வந்தவள், சுவரைப் பிடித்தபடி மாடிப்படிகளில் ஒவ்வொரு படியாக ஏறி வந்தவள், உட்கார வேண்டும் என்பதையே மறந்து நின்றாள். பின்னால் கணவன் குழந்தையை ஏந்திக்கொண்டு வந்து அவள் முதுகில் இடிக்காத குறையாக நின்றான்.

பிரசவத்துக்குப் போகுமுன் அந்த அறையை அவளே தன் கையால் ஒழுங்குபடுத்தியிருந்தாள். பெரிய கட்டிலை ஒட்டிக் குழந்தையின் சிறு கட்டில். அதில் மெல்லிய, விறைப்பான மெத்தை ஒன்று. அதன்மேல் இழுத்துச் செருகிய ஒற்றை விரிப்பு. வேறு எதுவும் கிடையாது. கைக்கெட்டும் தூரத்தில் டயப்பர், தண்ணீர்ப் புட்டி, மங்கலாக எரியும் ஒரு சிறு விளக்கு. அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சிறு கட்டில் பொங்கி வழிந்தது. விளிம்பு வரை உப்பிய பஞ்சு மெத்தை. அதன் நாற்புறமும் குட்டித் திண்டுகள். தலைப்பக்கம் நடுவில் குழியிட்ட தலையணை. காலடியில் மடித்து வைத்த கனத்த பஞ்சுப் போர்வை. அதன் உச்சியில் ஒரு கம்பளிக் குல்லாய். அறையின் மூலையில் யானைக்குட்டி படுத்திருப்பதைப் போல ஒரு பெரிய சாய்வு நாற்காலி. அதன் கைப்பிடிகளும் பஞ்சு, முதுகும் பஞ்சு, உட்காருமிடமும் பஞ்சு.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மாமியார். அவர் முகம் மலர்ந்திருந்தது. கீழ்த்தளத்தில் இருக்கும் மெத்தைக்கடை அவருடையது. வெட்டுவதும் அடைப்பதும் தைப்பதும் அவரே. விற்பது மட்டும் மகன்.

"யார் வேலை அத்தை இது?"

"யார் வேலையா? இந்த வீட்ல ஊசி பிடிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதானே? நீ ஆஸ்பத்திரியில இருந்த நேரமெல்லாம் நான் தையல் மெஷின்லதான் கிடந்தேன். இருக்கறதுலயே நல்ல பஞ்சு. கடைக்கு வர்ற எவனுக்கும் இதை நான் கண்ணுல காட்டினது இல்ல."

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"போன்ல என்ன சொன்னீங்க? 'எல்லாம் நீ வச்சது வச்சபடி இருக்கு'ன்னு சொன்னீங்களே?"

"கட்டில் வச்ச இடத்துலதானே இருக்கு?"

"நான் கட்டிலைப் பத்தியா கேட்டேன்?"

குரல் உயர்ந்தது. அவள் நெடுந்தூரப் பேருந்து ஓட்டுபவள். டிப்போவில் அவளுக்கு 'ஹாரன்' என்று பெயர். அந்தப் பெயரை அவள் தொண்டைதான் சம்பாதித்துக் கொடுத்தது.

"வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்குள்ள ஹாரன் அடிக்க ஆரம்பிச்சாச்சு" என்றார் மாமியார். "உங்க டிப்போக்காரங்க சும்மாவா பேர் வச்சாங்க?"

"குழந்தை பிறந்ததுமே நர்ஸ் என்ன சொன்னாங்கன்னு உங்க பிள்ளையைக் கேளுங்க அத்தை. பக்கத்துல நின்னு தலையைத் தலையை ஆட்டினாரே."

கணவன் தொண்டையைச் செருமினான். "மல்லாக்கப் படுக்க வைக்கணும்னாங்க..."

"அப்புறம்?"

"ஒவ்வொரு தடவையும். பகல் தூக்கமா இருந்தாலும். நம்ம ரூம்லயே, ஆனா தனிக் கட்டில்ல."

"அந்தக் கட்டில் எப்படி இருக்கணும்?"

"கெட்டியா... சமமா. தலையணை, திண்டு, தளர்வான போர்வை எதுவும் இல்லாம." கடைசிச் சொற்கள் சட்டைப்பைக்குள் பேசியது போல வந்தன.

"தெரிஞ்சேதான் விட்டிருக்கீங்க!"

"அம்மா ஆசையா செஞ்சாங்க. எப்படி வேணாம்னு சொல்றது?"

"எனக்குச் சொல்லத் தெரியுது. உங்களுக்கு வாய் இல்லையா?"

மாமியாரின் முகத்தில் இருந்த மலர்ச்சி மறைந்தது. தன் தொழிலைக் குறைத்துப் பேசுவதை அவர் எவரிடமும் பொறுத்துக்கொண்டதில்லை. "ஊரையே தூங்க வச்சவ நான். என் பேத்தியைத் தூங்க வைக்க எனக்குத் தெரியாதா? பிறந்த புள்ள பூ மாதிரி. அதைக் கொண்டுபோய்க் கல்லு மேல போடணுமாம். நர்ஸ் சொன்னாளாம்!"

பேசிக்கொண்டே அவர் உப்பிய மெத்தையின் நடுவில் உள்ளங்கையை அழுத்தினார். கை மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. கையை எடுத்தபின் பள்ளம் சிறிது நேரம் அப்படியே நின்று, சோம்பலாக மேலெழுந்தது. கடையில் வாங்க வருவோரிடம் அவர் காட்டும் சோதனை இதுதான். கைத்தடம் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அந்த அளவுக்கு மெத்தை உயர்ந்தது என்பது அவர் வாழ்நாள் நம்பிக்கை.

"பார்த்தியா? வெண்ணெய்!"

மருமகள் அந்தப் பள்ளத்தையே பார்த்தாள். அவள் காது மடல்கள் சிவந்திருந்தன.

"அத்தை, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சொல்வேன். அந்தத் தலையணையை எடுத்து மூஞ்சியை அதுல வச்சுக் குப்புறப் படுங்க."

"என்னடி பேச்சு இது?"

"உங்க சரக்குத்தானே? படுத்துப் பாருங்க."

இது சவால். சவாலை விட்டு விலகும் பழக்கம் மாமியாருக்கு இல்லை. குழியிட்ட தலையணையையும் ஒரு திண்டையும் பெரிய கட்டிலில் போட்டு, கண்ணாடியைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பதித்துக் குப்புறப் படுத்தார். பஞ்சு அவர் கன்னங்களின் இருபுறமும் ஏறி மூடிக்கொண்டது. சற்று நேரம் வீம்பாகக் கிடந்தார். பின்னர் வெடுக்கென்று தலையைத் தூக்கி வாயால் காற்றை இழுத்தார்.

"நீங்க தூக்கிட்டீங்க" என்றாள் மருமகள். "அவ கழுத்து நிக்காது. அவளால தூக்க முடியாது. கத்தவும் முடியாது."

மாமியார் மகன் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். ஆனால் சிறு கட்டிலிலிருந்து திண்டுகளை அவரே ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் எறியத் தொடங்கினார். எறிந்த விதத்தில் சமாதானம் சிறிதும் இல்லை.

"சரி. பழைய மெத்தை எங்கே?" என்று கேட்டாள் மருமகள். "அதைப் போட்டுட்டா முடிஞ்சது."

தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"எங்கேன்னு கேட்டேன்."

"கிழிச்சுட்டேன்" என்றார் மாமியார்.

"என்னது?"

"மெத்தைக்கடைக்காரி வீட்ல வேற கடை மெத்தையா? எனக்கு எப்படி இருக்கும்? உள்ள என்னதான் வச்சிருக்கான்னு பிரிச்சுப் பார்த்தேன். பலகை மாதிரி ஏதோ இருந்துச்சு. குப்பையில போட்டுட்டு அந்த உறையிலதான் இந்தப் பஞ்சை அடைச்சேன்."

அவள் மெல்லப் பெரிய கட்டிலின் விளிம்பில் அமர்ந்தாள். மாலை மங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சிறிது நேரத்தில் இரவு வந்துவிடும். குழந்தையைக் கிடத்த ஓர் இடம் கூட அந்த வீட்டில் இல்லை. இத்தனைக்கும் கீழே ஒரு கடை நிறைய மெத்தைகள். எல்லாமே வெண்ணெய்.

"இன்னைக்கு ஒரு ராத்திரி நம்ம பக்கத்துல நடுவுல படுக்க வச்சுக்கலாமே" என்றான் கணவன்.

"நீங்க தூங்கினா கட்டிலே உங்களோடது. போன மாசம் என்னையே ரெண்டு தடவை கீழே தள்ளி விட்டீங்க. எழுந்திருங்க. கடையிலயே கெட்டியான பொருள் எது?"

அவன் யோசித்தான். "சோபாவுக்கு அடியில வைக்கிற ஃபோம் இருக்கு. அதை யாரும் மெத்தையா வாங்க மாட்டாங்க."

"அதைக் கொண்டு வாங்க."

அவன் கீழே போய், ஃபோம் அறுக்கும் கத்தியால் ஒரு துண்டு வெட்டி எடுத்து வந்தான். புதிய ஃபோம், கையை அழுத்தினால் உடனே எதிர்த்து நின்றது; எடுத்தபின் தடம் தெரியவில்லை. அவள் முகம் சற்றுத் தெளிந்தது. ஆனால் அதைக் கட்டிலில் வைத்தபோது ஒரு பக்கம் இடைவெளி விழுந்தது. அவள் அதற்குள் கையை விட்டாள். மணிக்கட்டைத் தாண்டிப் போயிற்று.

"இதுக்குள்ள அவ உருண்டு மாட்டிக்கிட்டா?"

"பொறந்த புள்ள உருளுமா?"

"நெளிஞ்சு நகருவா. இடைவெளியே இருக்கக் கூடாது. மறுபடி வெட்டுங்க."

இரண்டாம் துண்டு கோணலாக வந்தது. அதைக் கண்டதும் இதுவரை சுவரோடு சுவராக நின்றிருந்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பொருளை அவர் வெறுத்தார், அது வேறு. தன் கடையிலிருந்து கோணல் வெட்டு வெளியே போவது வேறு.

"தள்ளுடா! கத்தியைப் பிடிக்கிற லட்சணத்தைப் பாரு. எலி கடிச்ச மாதிரி வெட்டி வச்சிருக்கான்."

அவர் கட்டிலின் உட்புறத்தைச் சாணால் அளந்தார். பின் நாடாவாலும் அளந்தார். கீழே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்த துண்டு, கட்டிலுக்குள் நான்கு பக்கமும் கச்சிதமாக இறங்கியது. விரல் நுழைய இடமில்லை. அதற்கேற்ற விரிப்பு ஒன்றை நாற்புறமும் எலாஸ்டிக் நாடா வைத்துத் தைத்து, சுருக்கமில்லாமல் மாட்டினார்.

"இந்தா, உன் கல்லு" என்றார். "எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

மருமகள் நன்றி சொல்லவில்லை. சொல்லும் நிலையில் அவள் இல்லை. "அந்த நாற்காலியையும் வெளியே எடுத்துடுங்க" என்று கணவனிடம் சொன்னாள்.

"அது என்ன பாவம் பண்ணுச்சு? நீ உக்காந்து பால் கொடுக்கத்தானே?" என்றான் அவன்.

"அதுல உக்காந்தா நான் தூங்கிடுவேன். தூக்கம் சொல்லிட்டு வராது. ஸ்டீயரிங் பிடிச்சவளுக்குத் தெரியும். கண்ணு திறந்திருக்கும், ரோடு தெரியும், ஆனா நாம அங்க இருக்க மாட்டோம். அப்புறம் குழந்தை பஞ்சு இடுக்குல சரிஞ்சு கிடக்கும். வெளியே எடுங்க."

"ரொம்பக் கனம். நாளைக்கு ஆள் வச்சு எடுக்கறேன். இன்னைக்கு யாரும் அதுல உக்கார வேணாம், அவ்வளவுதானே?"

அவளுக்கு மேலும் சண்டையிடத் தெம்பில்லை. நாற்காலி மூலையிலேயே இருந்தது.

முதலில் குழந்தை தூங்கிற்று. மல்லாந்து, இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிச் சரணடைந்தவளைப் போல அந்தக் கெட்டிப் படுக்கையில் கிடந்தது. "தங்கம். ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் தூங்கினா. விடிய விடியத் தூங்குவா பாரு" என்று சொல்லிவிட்டு மாமியார் தன் அறைக்குப் போனார்.

சற்று நேரத்தில் தங்கம் விழித்துக்கொண்டது. பால் குடித்தது, தோளில் சாய்ந்து ஏப்பம் விட்டது, தூங்கிற்று, படுக்கையில் வைத்ததும் தேள் கொட்டியது போல அலறியது. மறுபடி பால். மறுபடி தூக்கம். மறுபடி அலறல். பெரிய கட்டிலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தலையணைகளைத் தள்ளி வைத்துவிட்டு, மங்கல் விளக்கின் ஒளியில் அவள் பால் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கண்கள் எரிந்தன.

கதவு திறந்தது. மாமியார் கையில் பால்மாவு டப்பா. "பால் பத்தல. பசியில துடிக்குது. நான் கரைச்சுக் கொண்டு வரேன்."

"டயப்பர் நனைஞ்சிருக்கு அத்தை. பால் உள்ள இறங்குது, அதனாலதான் நனையுது."

"அப்புறம் ஏன் கத்துது?"

"நேத்து அவ தூங்கினது பிறந்த களைப்பு. இன்னைக்குத்தான் முழிச்சிருக்கா. இப்படித்தான் அடிக்கடி கேப்பா, துண்டு துண்டாத் தூங்குவான்னு நர்ஸ் சொன்னாங்க. நான் விடிய விடியத் தூங்குவான்னு எதிர்பார்க்கல. நீங்கதான் எதிர்பார்த்தீங்க."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கா" என்று டப்பாவிடம் சொல்லிக்கொண்டே மாமியார் திரும்பிப் போனார்.

ஒரு கட்டத்தில் அவள் பார்வை இரண்டாகப் பிரியத் தொடங்கியது. தூக்கம் வருவதற்கு அது அவளுக்குப் பழக்கமான அடையாளம். டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. நெடுந்தூர வண்டியில் இரண்டு ஓட்டுநர்கள். கை மாற்றும்போது கொடுப்பவர் "விட்டேன்" என்பார். எடுப்பவர் அவர் கண்ணைப் பார்த்து "பிடிச்சேன்" என்பார். அதுவரை முதல் ஆள் இருக்கையை விட்டு எழக்கூடாது.

அவள் கணவனை எழுப்பி முகம் கழுவிவரச் செய்தாள்.

"விட்டேன்."

"சரி, கொடு."

"'சரி கொடு' இல்ல. கண்ணைப் பாருங்க."

"பிடிச்சேன், தாயே, பிடிச்சேன்."

"அவ தூங்கினதும் கட்டில்ல வைங்க. வச்சதும் கத்துவா, கொஞ்சம் தட்டிக் கொடுங்க. உங்களுக்குத் தூக்கம் வந்தா என்னை எழுப்புங்க." அவள் கட்டிலில் சாய்ந்தாள். சாயும்போதே தூங்கிவிட்டாள்.

அவன் நடந்தான். குழந்தை தோளில் அடங்கும். கட்டிலில் வைத்தால் அலறும். மனைவி விழித்துவிடுவாளே என்று அவசரமாகத் தூக்குவான். மறுபடி நடை. கால் கடுத்தது. இடுப்பு கடுத்தது. குழந்தை ஆழ்ந்து தூங்கும் வரை கொஞ்ச நேரம், கண்ணை மூடாமல், வெறுமனே உட்கார்ந்தால் என்ன என்று தோன்றிற்று. மூலையில் இருந்த யானைக்குட்டி நாற்காலி அவனை மென்மையாக வாங்கிக்கொண்டது.

மாமியார் தூங்கவில்லை. கோபம் அவரைத் தூங்கவிடவில்லை. அழுகை கேட்டபோதெல்லாம் 'கல்லு குத்துது, அதான் கத்துது' என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னர் அழுகை நின்றது. நின்றதும் அவருக்கு ஏனோ படுக்கை கொள்ளவில்லை. எழுந்து வந்து கதவைத் தள்ளினார்.

மகன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கைகள் தளர்ந்து தொடையில் கிடந்தன. குழந்தையைக் காணவில்லை. அடுத்த கணம் கண்டார். அவன் இடுப்புக்கும் நாற்காலியின் கைப்பிடிக்கும் நடுவிலான பஞ்சு இடுக்கில் அது சரிந்திருந்தது. தாடை மார்பில் மடிந்து, முகம் கைப்பிடியில் பாதி புதைந்திருந்தது.

அவர் எப்படி அங்கே போனார் என்பது அவருக்கே தெரியாது. குழந்தையை வாரி எடுத்தார். ஒரு நொடி அது சும்மா இருந்தது. பின்னர் உடம்பெல்லாம் சிவக்க வீறிட்டது. அந்தச் சத்தத்தைப் போல இனிய சத்தத்தை அவர் கேட்டதில்லை. விளக்கின் அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். மூச்சு சீராக இருந்தது. கன்னத்தில் மட்டும் ஒரு நீண்ட கோடு. அடுத்தடுத்து மணிமணியாகத் தையல் பதிந்த தடம். அது அவருடைய தையல்.

மறு கையால் மகனின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"எருமை! புள்ளையை என்ன பண்ணி வச்சிருக்கே!"

மருமகள் துள்ளி எழுந்தாள். தையல் இழுத்ததில் முகம் கோணிற்று. "என்ன? என்ன ஆச்சு?"

மறைக்க மாமியாருக்கு மனம் வரவில்லை. "இவன் தூங்கிட்டான். அந்த நாற்காலியில. இவ இடுக்குல கிடந்தா."

அவள் குழந்தையைப் பறித்து வாங்கினாள்; மூக்கை, உதட்டை, விரல்களைப் பார்த்தாள்; மார்போடு சேர்த்தாள். அது உறிஞ்சத் தொடங்கியதும் அறை அமைதியாயிற்று. அந்த அமைதிக்குள் அவள் கோபம் முழுவதும் கிசுகிசுப்பாக வெளிவந்தது. கூரையைப் பிளக்கும் குரலுடையவள் அப்படிப் பேசியதுதான் கணவனை அதிகம் நடுங்கச் செய்தது.

"பிடிச்சேன்னு சொன்னீங்க."

"கொஞ்ச நேரம்தான்..."

"என் கண்ணைப் பார்த்துச் சொன்னீங்க. டிப்போவுல இப்படி ஒருத்தன் பண்ணினா மறுபடி அவனை வண்டியில ஏத்த மாட்டோம். என்னை எழுப்ப உங்களுக்கு என்ன?"

"நீ தூங்கட்டும்னுதான்..."

"எனக்குத் தூக்கம் வேணாம்! உயிரோட ஒரு புள்ள வேணும்!"

"திட்டு" என்றார் மாமியார். "நல்லாத் திட்டு. ஆனா மெதுவா திட்டு. இவ கண்ணை மூடுறா."

சொல்லிவிட்டு நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "வந்து தூக்குடா. நாளைக்கு ஆள் வைக்கிற ஆளு!"

இருவரும் தூக்கினர். நாற்காலி வாசற்படியில் சிக்கிக்கொண்டது. உருவாக்கியவரே அதை உதைத்தார், மீண்டும் உதைத்தார். எங்கோ ஒரு தையல் பிரிந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நாற்காலி ஒருவழியாக வெளியே கூடத்தில் போய் விழுந்தது. கணவன் அதன் பக்கத்தில், தரையில், தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்தான். உள்ளே வர அவனுக்குத் தைரியமில்லை; அவனை யாரும் கூப்பிடவும் இல்லை.

மாமியார் கடையிலிருந்து முதுகுச் சாய்வில்லாத மர முக்காலியை எடுத்து வந்து சிறு கட்டிலின் அருகில் போட்டார். "இதுல உக்காந்தா எவளுக்கும் தூக்கம் வராது. புள்ளையைக் கொடு."

மருமகள் தயங்கினாள்.

"என்ன சொல்லணும் உங்க டிப்போவுல? சொல்லித் தொலை."

"விட்டேன்" என்றாள் அவள்.

"பிடிச்சேன்." மாமியார் கண்ணை எடுக்காமல் பார்த்தார். "படு."

குழந்தையை மல்லாக்கக் கிடத்தினார். அது முகத்தைச் சுளித்தது, சிணுங்கியது, அவர் அதன் மார்பில் கை வைத்துத் தட்டினார், அடங்கியது. பின்னர் தூக்கத்தில் உறுமியது, காலை உதைத்தது. அவர் பதறிக் கையை நீட்டினார்.

"அது தூக்கத்துல போடற சத்தம் அத்தை" என்றாள் மருமகள் கண்ணை மூடியபடியே. "அழுதாத் தூக்குங்க. இல்லேன்னா விட்டுடுங்க." குரலில் கோபம் தணிந்திருக்கவில்லை; விடிந்த பிறகு பேச வேண்டியவை அவளிடம் ஏராளமாக இருந்தன. எனினும் அவள் திரும்பிப் படுத்தாள்.

மாமியார் குழந்தையின் கன்னத்தைப் பார்த்தார். தையல் தடம் மங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், படுக்கையின் வெற்றிடத்தில், தன் உள்ளங்கையை வைத்துப் பலம் கொண்ட மட்டும் அழுத்தினார். எடுத்தார். தடம் எதுவும் நிற்கவில்லை.

"கல்லு" என்று முணுமுணுத்தார். "கல்லேதான்." முதுகு வலித்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.